பளபளப்பு அதிகமென்றால் மின்சாரமும் அதிகம் கடத்துமா? வேதியியல் மன்றத்துக்கு விளக்கம் தேவை

மன்றப்பொறுப்பு_டீச்சர்
வணக்கம். எங்கள் பள்ளி வேதியியல் மன்றத்தில் எட்டாம் வகுப்பு முதல் பதினொன்றாம் வகுப்பு வரை கலந்து முப்பது பிள்ளைகள். அடுத்த கூட்டத்துக்கு எடுத்திருக்கும் தலைப்பு: உலோகம் ஏன் பளபளக்கிறது, ஏன் மின்சாரத்தைக் கடத்துகிறது. "கட்டில்லாத எலக்ட்ரான்கள் இருக்கின்றன, அதனால் இரண்டும்" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் ஒரு பையன் கேட்ட கேள்வி அந்த வரியை இடிக்கிறது. "எவர்சில்வர் டம்ளர் செம்புச் சொம்பைவிடப் பளபளன்னு இருக்கே டீச்சர், அப்ப எவர்சில்வர்தான் கரண்ட்டை நல்லா கடத்துமா?"

மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து இரண்டையும் தொட்டுப் பார்த்தால் இரண்டுக்கும் 0.4 என்றே காட்டுகிறது. எனக்கு வேண்டியவை இரண்டு: இந்தக் கேள்விக்குச் சரியான பதில், அதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கும்படி ஒரு செயல்விளக்கம். செலவு 300 ரூபாய்க்குள் இருந்தால் நல்லது.

பிளஸ்டூ_நிலா
டீச்சர், இது ரொம்ப ஈஸி. எதில் கட்டில்லாத எலக்ட்ரான் அதிகமோ அது அதிகம் கடத்தும், அதிகம் பளபளக்கும். வெளிச்சம் பட்டதும் எலக்ட்ரான் அதை உறிஞ்சி மேல் ஆற்றல் மட்டத்துக்குத் தாவும், கீழே விழும்போது அதே வெளிச்சத்தை வெளியே விடும். அதுதான் பளபளப்பு. ஸ்விட்ச் போட்டால் அதே எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் ஒயருக்குள் ஓடும், அது மின்சாரம்.

சொம்பு_ராணி
செம்புச் சொம்பு கறுத்துப்போனால் புளியும் கல்லுப்பும் போட்டுத் தேய்த்தாலே போதும், எவர்சில்வரைத் தோற்கடிக்கும். எலுமிச்சை மூடியும் சரிதான். பவுடர் எதுவும் வாங்காதீர்கள்.

ஒயர்மேன்_முத்து
டீச்சர், அந்த 0.4 சொம்பும் இல்ல, டம்ளரும் இல்ல. மீட்டரோட ரெண்டு ஒயரு, முனை ஊசி, உள்ள இருக்கிற சாக்கெட் இதுங்களோட தடை. ரெண்டு ஊசியையும் ஒண்ணோட ஒண்ணு அழுத்திப் பாருங்க, அப்பவும் 0.3, 0.4தான் காட்டும். டம்ளரோட தடை ஒரு ஓம்ல ஆயிரத்துல சில பங்கு. சொம்போடது அதுலயும் ரொம்பக் கம்மி. சாதா மீட்டர் ஓம் அளவுல 0.1க்குக் கீழ எதையும் காட்டாது. தராசுல லாரிய நிறுத்திட்டு அதுமேல ஒரு கடுகு வச்சா தெரியுமா?

தாமிரன்
முத்து சொன்னதுதான் முதலில் கவனிக்க வேண்டியது. அளவீட்டுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் நிலா எழுதியதில் மூன்று இடங்களைப் பார்ப்போம். பாதி சரி, ஆனால் அந்த மீதிப் பாதியில்தான் பையனின் கேள்விக்கு விடை இருக்கிறது.

"எலக்ட்ரான் அதிகமென்றால் கடத்தல் அதிகம்" என்பது அலுமினியத்திலேயே உடைந்துவிடும். செம்பு ஒரு அணுவுக்கு ஒரு எலக்ட்ரானைப் பொதுவில் விடுகிறது, அலுமினியம் மூன்று விடுகிறது. அணுக்களின் நெருக்கத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஒரு கன மீட்டருக்குச் செம்பில் சுமார் 8.5×10²⁸, அலுமினியத்தில் சுமார் 18×10²⁸. அலுமினியத்தில் இரண்டு மடங்கு. ஆனால் ஒரே நீளம், ஒரே தடிமன் எடுத்தால் அலுமினியக் கம்பியின் தடைதான் ஒன்றரை மடங்குக்கும் மேல். ஆகவே எண்ணிக்கை மட்டும் போதாது. கிளம்பிய எலக்ட்ரான் எவ்வளவு நேரம் இடறாமல் போகிறது என்பதும் சேர்ந்துதான் கடத்தலைத் தீர்மானிக்கிறது. அணுக்கள் ஒழுங்காக அடுக்கியிருந்தால் எலக்ட்ரான் தடையின்றிப் போகும். அடுக்கில் குளறுபடி இருந்தால் இடறும்: வெப்பத்தால் அணு அதிர்வது, வேற்று அணு இடையில் நுழைந்திருப்பது, இப்படி.

எவர்சில்வர் என்பது இரும்போடு குரோமியமும் நிக்கலும் கலந்த உலோகக்கலவை. பாத்திரத்துக்கு வரும் நல்ல ரகத்தில் குரோமியம் மட்டும் 18 சதவீதம். எந்த இடத்தில் எந்த அணு நிற்கும் என்ற ஒழுங்கே கிடையாது. ஆகவே எலக்ட்ரான் அடிக்கு அடி இடறுகிறது. தடை செம்பைப்போல் 40 மடங்குக்கும் சற்று மேல். பையனுக்கு நேர் பதில்: இல்லை, எவர்சில்வர் செம்பைவிட மிக மோசமான கடத்தி.

பளபளப்பு வேறு கணக்கு. அதற்குத் தனியாக எழுதுகிறேன்.

பிளஸ்டூ_நிலா
அப்ப ஒளியின் வேகம்? ஸ்விட்ச் போட்ட உடனே பல்பு எரியுதே அண்ணா.

தாமிரன்
எரியும், ஆனால் ஸ்விட்சிலிருந்து கிளம்பிய எலக்ட்ரான் பல்புக்கு வந்து சேர்ந்ததால் எரியவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 சதுர மி.மீ. குறுக்குப் பரப்புள்ள செம்புக் கம்பியில் 1 ஆம்பியர் போகிறது. மின்னோட்டத்தை எலக்ட்ரான் அடர்த்தி, பரப்பு, ஒரு எலக்ட்ரானின் மின்னூட்டம் மூன்றின் பெருக்கலால் வகுக்க வேண்டும்.

```
v = I / (n × A × e)
  = 1 / (8.5×10²⁸ × 10⁻⁶ × 1.6×10⁻¹⁹)
  ≈ 7×10⁻⁵ m/s
```

நொடிக்கு 0.07 மி.மீ. ஒரு மீட்டர் நகர ஏறத்தாழ நான்கு மணி நேரம். வேகமாகப் பரவுவது எலக்ட்ரான் இல்லை, ஒயரைச் சுற்றியுள்ள மின்புலம். அது பரவியதும் ஒயரின் எல்லா இடத்திலும் இருக்கிற எலக்ட்ரான்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் நகரத் தொடங்கிவிடும். பல்புக்குள் நகர்வது பல்புக்குள் ஏற்கெனவே இருந்த எலக்ட்ரான்தான்.

இந்தக் கணக்கைப் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கரும்பலகையில் போடச் சொல்லலாம். எட்டாம் வகுப்புக்கு "நான்கு மணி நேரம்" என்ற விடை மட்டும் போதும்.

மன்றப்பொறுப்பு_டீச்சர்
நன்றி. பளபளப்புக்கு நிலா சொன்ன "உறிஞ்சி, விழும்போது விடும்" என்பதைத்தான் நானும் சொல்லலாமென்று வைத்திருந்தேன். அதில் என்ன குறை?

தாமிரன்
ஒவ்வொரு எலக்ட்ரானும் தனித்தனியாக உறிஞ்சி, தனக்குத் தோன்றிய நேரத்தில் விட்டால், வெளிச்சம் நாலாபக்கமும் சிதறும். அப்படிப் பார்த்தால் உலோகம் மங்கலாக ஒளிருமே தவிர, முகம் பார்க்கிற கண்ணாடியாக இருக்காது. வந்த கோணத்திலேயே திரும்புகிறதென்றால் எல்லா எலக்ட்ரான்களும் ஒத்திசைந்து ஒரே அலைக்கு ஆட வேண்டும். நடப்பது அதுதான்.

வெளிச்சம் ஒரு அலை. அதில் இருக்கும் மின்புலம் திசை மாறி மாறி ஆடும். ஆரஞ்சு நிற ஒளியென்றால் நொடிக்கு 500 லட்சம் கோடி முறை. அது உலோகத்தின் மேல் பட்டதும், மேற்பரப்பில் இருக்கும் கட்டில்லாத எலக்ட்ரான்கள் எல்லாம் அந்தப் புலத்தின் தாளத்துக்கு ஆடுகின்றன. ஆடுகிற மின்னூட்டம் தானும் ஒரு அலையை உண்டாக்கும். இந்தப் புது அலை உலோகத்துக்கு உள்பக்கம், வந்த அலைக்கு நேர் எதிராக அமைந்து அதை அழித்துவிடுகிறது. வெளிப்பக்கம் திரும்பிப் போகிறது. உள்ளே போக வழியில்லாததால் ஏறத்தாழ முழுவதும் திரும்பி வருகிறது. அதைத்தான் பளபளப்பு என்கிறோம்.

ஜன்னல் கண்ணாடியோடு ஒப்பிட்டால் இது விளங்கும். அதுவும் வழவழப்புத்தான். ஆனால் அதன் எலக்ட்ரான்கள் அணுக்களோடு கட்டுண்டவை, கொஞ்சமாகத்தான் அசைய முடியும். ஆகவே நேராகப் படும் வெளிச்சத்தில் ஒரு பரப்பில் 4 சதவீதம் மட்டும் திரும்புகிறது, மீதி உள்ளே போய்விடுகிறது. மெருகேற்றிய வெள்ளி 95 சதவீதத்துக்கு மேல் திருப்புகிறது. வழவழப்பு, பிம்பம் தெளிவாகத் தெரியுமா தெரியாதா என்பதை முடிவுசெய்யும். எவ்வளவு வெளிச்சம் திரும்பும் என்பது எலக்ட்ரான்களின் வேலை. இந்த இரண்டையும் பிள்ளைகள் குழப்பிக்கொள்வார்கள்.

சிவகாசி_சிந்தனை
சமையலறை அலுமினியத் தாளை எடுத்துக் காட்டலாம். ஒரு பக்கம் மின்னும், மறுபக்கம் மங்கல். உருட்டும்போது கடைசிச் சுற்றில் இரண்டு தாள்களை ஒன்றாக வைத்து உருளைகளுக்கிடையே விடுவார்கள். உருளையைத் தொட்ட பக்கம் மின்னும், தாளைத் தொட்ட பக்கம் மங்கும். உலோகம் ஒன்றே, எலக்ட்ரானும் ஒன்றே. மங்கிய பக்கமும் வெளிச்சத்தைத் திருப்பத்தான் செய்கிறது, சிதறித் திருப்புகிறது.

தாமிரன்
அருமையான பொருள், காசும் கிடையாது. அதோடு சிப்ஸ் பாக்கெட்டின் உள்பக்கத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். அது பிளாஸ்டிக் தாள்மேல் ஆவியாகப் படியவைத்த அலுமினியம். தடிமன் ஒரு மி.மீட்டரின் லட்சத்தில் சில பங்குதான். அவ்வளவு மெல்லிய படலமே வெளிச்சத்தைத் திருப்பிவிடுகிறது என்பதால், அலை எவ்வளவு ஆழத்துக்குள் அழிந்துபோகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டலாம். மை அச்சிடாத இடமாகப் பார்த்து, பின்னால் செல்போன் டார்ச்சை ஒட்டிப் பிடித்தால் மங்கலாக வெளிச்சம் கசிவது தெரியும். சமையலறைத் தாளில் ஓட்டை இல்லாத இடத்தில் ஒன்றும் தெரியாது. அது ஆயிரம் மடங்கு வரிசையில் தடிமன் கூடியது.

ஒரு எச்சரிக்கை. சிப்ஸ் பாக்கெட்டை மல்டிமீட்டரில் தொட்டால் பெரும்பாலும் கடத்தாது. பிள்ளைகள் உடனே "பளபளக்குது, ஆனால் கடத்தலையே!" என்பார்கள். அலுமினியம் இரண்டு பிளாஸ்டிக் அடுக்குகளுக்கு நடுவில் இருக்கிறது, ஊசி அதைத் தொடவே இல்லை என்பதுதான் காரணம்.

பிளஸ்டூ_நிலா
சரி அண்ணா. ஆனா ஒரே எலக்ட்ரான்தான் ரெண்டு வேலையும் செய்யுதுன்னா, 40 மடங்கு மோசமா கடத்துற எவர்சில்வர் 40 மடங்கு மங்கலா இருக்கணுமே? அது இல்லையே.

தாமிரன்
இந்த இழையில் இதுவரை வந்த கேள்விகளில் இதுதான் சிறந்தது.

செம்பில் ஒரு எலக்ட்ரான் ஒரு இடறலுக்கும் அடுத்த இடறலுக்கும் நடுவே போகும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண வெப்பநிலையில் அது சுமார் 2.5×10⁻¹⁴ நொடி. ஆரஞ்சு ஒளியின் ஒரு ஆட்டத்துக்கு ஆகும் நேரம் 2×10⁻¹⁵ நொடி. அதாவது எலக்ட்ரான் ஒருமுறை இடறுவதற்குள் ஒளி பன்னிரண்டு முறை ஆடி முடித்துவிடும். ஒளிக்கு எலக்ட்ரான் நீண்ட தூரம் போக வேண்டிய அவசியமே இல்லை. நின்ற இடத்தில் இப்படியும் அப்படியும் துளி அசைந்தால் போதும். ஆகவே இடறல் அதற்குப் பெரிய தொல்லையில்லை. எத்தனை எலக்ட்ரான் ஆட இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

பேட்டரியின் மின்னோட்டத்துக்கோ ஒரே திசையில் தொடர்ந்து நகர வேண்டும். அங்கே ஒவ்வொரு இடறலும் கணக்கில் ஏறும்.

எவர்சில்வரில் எண்ணிக்கைக்குக் குறைவில்லை, அதனால் பளபளக்கிறது. ஆனால் இடறல் மிக அடிக்கடி, ஒளியின் ஒரு ஆட்டம் முடிவதற்குள்ளேயே நடக்கிறது. அதனால் ஒளியின் ஆற்றலில் ஒரு பங்கு வெப்பமாகப் போய்விடும். நன்றாக மெருகேற்றிய எவர்சில்வர் 60 சதவீதத்தை ஒட்டித்தான் திருப்பும், வெள்ளியின் பக்கத்தில் வைத்தால் சாம்பல் தட்டும். ஆக நிலாவின் எதிர்பார்ப்பு முழுக்கத் தவறில்லை: மங்குகிறது, ஆனால் 40 மடங்கு இல்லை. இன்னொன்று, புளி போட்டுத் தேய்த்த செம்பு சிவப்பு ஒளியை எவர்சில்வரைவிட அதிகமாகவே திருப்பும். பையன் பார்த்தது கறுத்த சொம்பாக இருக்கும். சொம்பு_ராணி அக்கா சொன்னது இந்த இழைக்குச் சம்பந்தமில்லாததுபோலத் தெரிந்தாலும், செயல்விளக்கத்தன்று அதை முதலில் செய்ய வேண்டும்.

சொம்பு_ராணி
அப்படிச் சொல்லுங்கள்! சரி, புளி ஏன் கறுப்பை எடுக்கிறது, செம்பை ஏன் எடுக்கவில்லை? இதுவும் வேதியியல்தானே?

தாமிரன்
கறுப்பும் பழுப்பும் செம்பின் ஆக்சைடு. புளியின் அமிலம் ஆக்சைடைக் கரைக்கும், உப்பிலிருக்கும் குளோரைடு கரைந்த செம்பைப் பிடித்துக்கொண்டு அந்த வேலையை வேகப்படுத்தும். தூய செம்பை அந்த அமிலம் அவ்வளவு சுலபத்தில் தொடாது. அக்கா, தேய்த்த பிறகு நன்றாகக் கழுவித் துடைக்காவிட்டால் மறுபடி சீக்கிரம் கறுக்கும், அதற்கும் அந்த உப்புதான் காரணம்.

டீச்சர், இதைக் கடத்தலோடும் இணைக்கலாம். கறுத்த இடத்தில் மீட்டர் ஊசியை அழுத்தாமல் மெதுவாக வைத்தால் எண் நிலையில்லாமல் தாவும். ஆக்சைடில் கட்டில்லாத எலக்ட்ரான் மிகக் குறைவு, அதனால்தான் அதில் உலோகப் பளபளப்பும் இல்லை, அது சரியாகக் கடத்தவும் இல்லை. தேய்த்த இடத்தில் அதே மாதிரி வைத்தால் எண் நிற்கும். ஊசியை அழுத்தினால் ஆக்சைடைக் கீறிக்கொண்டு உள்ளே போய்விடும், வித்தியாசம் தெரியாது. கடையில் வாங்கிய புது அலங்காரச் செம்பு வேண்டாம், சிலவற்றின்மேல் நிறமில்லாத வார்னிஷ் பூசியிருப்பார்கள்.

ஒயர்மேன்_முத்து
இப்ப அளவீட்டுக்கு வரேன். டம்ளர், சொம்பை விட்டுட்டு கம்பிய எடுங்க டீச்சர். 24 கேஜ் செம்பு வைண்டிங் ஒயரு அரை மீட்டர், அதே 24 கேஜ் எவர்சில்வர் கம்பி அரை மீட்டர். மோட்டார் காயில் கட்டுற கடையில முதல் பொருளு, ஹார்டுவேர் கடையில ரெண்டாவது. கேஜ் ஒண்ணா இருக்கான்னு கடையிலயே பாத்து வாங்குங்க. 24 கேஜ்னா 0.56 மி.மீ. விட்டம்.

பெரிய டார்ச் பேட்டரி ரெண்டு, வரிசையா மாட்டினா 3 வோல்ட். கூட ஒரு 4.7 ஓம், 5 வாட் ரெசிஸ்டர். ரெசிஸ்டர் இல்லாம போட்டுறாதீங்க, கரண்ட் எகிறும், பேட்டரி சீக்கிரம் செத்துரும். பேட்டரி, ரெசிஸ்டர், செம்பு, எவர்சில்வர் எல்லாத்தையும் ஒரே வரிசையில முதலைக் கிளிப்பால மாட்டுங்க. ஒரே வரிசைங்கறதால ரெண்டு கம்பியிலயும் ஒரே கரண்ட்டுதான் போகும், சண்டையே இல்ல.

மீட்டர ஓம்ல வைக்காதீங்க. டி.சி. 200 மில்லிவோல்ட் அளவுல வச்சு, செம்புக் கம்பி மேல 30 செ.மீ. இடைவெளியில ரெண்டு ஊசியையும் வைங்க. கரண்ட் 0.45 ஆம்பியரை ஒட்டி ஓடும். செம்புல 9, 10 மில்லிவோல்ட் காட்டும். அதே 30 செ.மீ. எவர்சில்வர்ல வச்சா மீட்டர் இடதுபக்கம் ஒத்தை 1 மட்டும் காட்டி நிக்கும். ரிப்பேர்னு நெனச்சுறாதீங்க, அளவு மீறிப்போச்சுன்னு அர்த்தம். 2000 மில்லிவோல்ட்டுக்கு மாத்துங்க, 400க்குப் பக்கத்துல காட்டும்.

எங்க தப்பு வரும்னா, பத்துல ஒம்போது பேரு ஊசிய கிளிப் மேல வைப்பாங்க. கிளிப்பும் கம்பியும் சேருற இடத்துலயே தடை இருக்கு, அது செம்புக் கம்பியோட தடைக்குச் சமமாக்கூட வந்துரும். செம்பு 9க்குப் பதிலா 25, 30ன்னு காட்டுனா அதுதான் காரணம். ஊசிய கிளிப்புக்கு உள்பக்கமா, நேரா கம்பி மேலயே வைக்கணும். வைண்டிங் ஒயர்மேல இனாமல் இருக்கும், அதுவும் பளபளன்னுதான் இருக்கும். கிளிப் மாட்டுற இடத்துலயும் ஊசி வைக்கிற இடத்துலயும் உப்புத்தாள் போட்டுச் சுரண்டுங்க.

தாமிரன்
மேலே முத்து சொன்ன முறைக்கு ஆய்வுக்கூடத்தில் நான்குமுனை அளவீடு என்று பெயர். மின்னோட்டத்தைச் செலுத்தும் இணைப்பு வேறு, மின்னழுத்தத்தைப் பார்க்கும் இணைப்பு வேறு. பிள்ளைகள் 400ஐ 10ஆல் வகுத்தால் 40 வரும், பையனின் கேள்விக்கு அவன் கையாலேயே விடை. முதலில் இரண்டு கம்பியையும் சுற்றிக் காட்டி, எது நன்றாகக் கடத்தும் என்று கை தூக்கச் சொல்லிவிட்டு அளக்கத் தொடங்குங்கள்.

பழைய_கெமிஸ்ட்ரி
இவ்வளவு எதற்கு? வீட்டு ஹோல்டரில் ஒரு பல்பை வரிசையாக மாட்டி, நடுவில் கம்பி, பென்சில் முனை, உப்புத்தண்ணீர் என்று வைத்தால் எது கடத்துகிறதென்று பல்பே சொல்லும். முப்பது பேருக்கும் தெரியும்.

ஒயர்மேன்_முத்து
230 வோல்ட்ட பிள்ளைங்க கைக்குப் பக்கத்துல திறந்து வைக்கவே கூடாது ஐயா. அந்த உப்புத்தண்ணியில ஒரு விரல் பட்டா போதும். இன்னொண்ணு, அந்த பல்பு செம்புக்கும் எவர்சில்வருக்கும் ஒரே மாதிரிதான் எரியும். பல்போட தடை நூத்துக்கணக்குல ஓம், கம்பியோடது ரெண்டு ஓம்கூட இல்ல. கேள்விக்கே விடை வராது.

பழைய_கெமிஸ்ட்ரி
கடத்துமா கடத்தாதா என்பதற்குத்தான் சொன்னேன். சரி, 3 வோல்ட் எல்.இ.டி. என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மன்றப்பொறுப்பு_டீச்சர்
மெயின் இணைப்பு பள்ளியில் எப்படியும் அனுமதியில்லை. முத்து அண்ணன் சொன்ன வரிசைச் சுற்று சரியாக இருக்கிறது. இடறல் என்பதைக் கண்ணால் காட்ட ஏதாவது வழி உண்டா? "40 மடங்கு" என்று எண் வந்துவிட்டது, ஆனால் காரணம் எலக்ட்ரான் எண்ணிக்கை இல்லை, இடறல்தான் என்று எப்படி நம்பவைப்பது?

தாமிரன்
சூடாக்கிப் பாருங்கள். சூடாக்கினால் செம்பின் எலக்ட்ரான் எண்ணிக்கை மாறாது, அணுக்களின் அதிர்வு மட்டும் கூடும். தடை கூடினால் அது இடறலின் கணக்கு.

36 கேஜ் வைண்டிங் ஒயர் 20 மீட்டர் வாங்குங்கள். 5 கிராம்தான் எடை. உள்ளங்கை அகலத்துக்கு வளையமாகச் சுற்றி, நூலால் இரண்டு இடத்தில் கட்டி, இரு முனைகளையும் ஒரு சாண் வெளியே விடுங்கள். முனைகளில் இரண்டு செ.மீ. அளவுக்கு உப்புத்தாளால் இனாமலைச் சுரண்டி, மீட்டரோடு முதலைக் கிளிப்பால் இறுக்குங்கள். விரலால் பிடித்தால் எண் ஆடும். இங்கே தடை பத்து ஓமுக்கு மேல், ஆகவே மீட்டரின் சாதாரண 200 ஓம் அளவே போதும்.

இந்த விட்டம் 0.193 மி.மீ. கணக்குப்படி 20 டிகிரியில் 11.5 ஓம். நம் ஊர் வகுப்பறை 30 டிகிரியில் 12ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். மீட்டர் ஒயரின் 0.3ஐயோ 0.4ஐயோ கழித்துக்கொள்ளுங்கள். பிறகு வளையம் முழுவதும் மூழ்கும்படி வெந்நீரில் விட்டு, முனைகள் மட்டும் வெளியே இருக்க, ஒரு நிமிடம் பொறுங்கள். தண்ணீர் 90 டிகிரி என்றால் 14.6 வரை ஏறும். செம்பின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும், 20 டிகிரியில் இருந்த மதிப்பில் 0.39 சதவீதம் கூடும். 60 டிகிரிக்கு அந்தக் கணக்கைப் போட்டால் 2.7 ஓம் வருகிறது, மீட்டரும் அதைத்தான் காட்டும். ஆறவிட்டால் மறுபடி 12க்கு இறங்கும். இறங்குவதையும் காட்டுங்கள், இல்லாவிட்டால் சூட்டில் கம்பி கெட்டுப்போனதாக ஒரு பிள்ளையாவது சொல்லும்.

தொடக்கத்திலேயே 8, 9 என்று காட்டினால் கேஜ் தவறு, அல்லது நீளம் குறைவு, அல்லது சுற்றும்போது இனாமல் உரிந்து சுற்றுகள் ஒன்றையொன்று தொடுகின்றன. 12 சரியாக வந்து வெந்நீரில் 13தான் ஏறுகிறதென்றால் பாதி வளையம் தண்ணீருக்கு மேலே நிற்கிறது, அல்லது தண்ணீர் ஆறிவிட்டது. ஒரு தெர்மாமீட்டர் கட்டாயம் வேண்டும்.

இப்போது பிள்ளைகளிடம் கேளுங்கள்: கடத்தல் ஐந்தில் ஒரு பங்குக்குப் பக்கம் குறைந்துவிட்டதே, கம்பியின் பளபளப்பு குறைந்ததா? கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. இடறலுக்கு நடுவே ஒளி பன்னிரண்டு முறை ஆடிய இடத்தில் இப்போது பத்து முறை ஆடுகிறது, ஒளிக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

பிளஸ்டூ_நிலா
பென்சில் முனையும் பளபளக்குது, கடத்துது. அதை வெந்நீரில் விட்டா?

தாமிரன்
அது உலோகம் இல்லை. கிராஃபைட்டில் கட்டில்லாத எலக்ட்ரான் மிகக் குறைவு, சூடாக்கினால் கொஞ்சம் புதிதாக விடுபடும். ஆகவே அங்கே எண்ணிக்கையும் மாறும், இடறலும் மாறும், இரண்டும் இழுபறி. பென்சில் முனையில் களிமண்ணும் கலந்திருக்கிறது, தண்ணீரில் விட்டால் ஈரமும் சேரும். சுத்தமான விடை கிடைக்காது, மன்றத்தில் வேண்டாம். தனியாகச் செய்து பாருங்கள், சுவாரசியமாக இருக்கும்.

சிவகாசி_சிந்தனை
ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. எல்லா உலோகமும் ஒளியைத் திருப்புகிறதென்றால் வெள்ளியும் அலுமினியமும் வெள்ளை, செம்பு மட்டும் ஏன் சிவப்பு? அந்த எலக்ட்ரான் நடனத்தில் நிறம் எங்கே வருகிறது?

தாமிரன்
அதில் வரவே இல்லை. கட்டில்லாத எலக்ட்ரான்கள் மட்டும் இருந்தால் செம்பும் வெள்ளை வெளேரென்றுதான் இருக்கும். செம்பில் அவற்றுக்குக் கீழே அணுவோடு ஒட்டிய இன்னொரு கூட்டம் எலக்ட்ரான்கள் உண்டு. மஞ்சளைத் தாண்டிப் பச்சை, நீல ஒளி பட்டால் அந்தக் கூட்டத்திலிருந்து ஒன்று மேலே தாவ முடியும். அங்கே நிலா சொன்ன உறிஞ்சுதல் உண்மையிலேயே நடக்கிறது. பச்சையிலும் நீலத்திலும் ஒரு பங்கு உள்ளேயே போய்விட, சிவப்பும் ஆரஞ்சும் ஏறத்தாழ முழுதாகத் திரும்புகின்றன. வெள்ளியில் அந்தக் கூட்டம் இன்னும் ஆழத்தில் இருக்கிறது, தாவுவதற்குப் புற ஊதா வேண்டும். நம் கண்ணுக்கு அது தெரியாததால் வெள்ளி வெள்ளையாக நிற்கிறது.

பழைய_கெமிஸ்ட்ரி
இதைத்தான் நான் முதலிலேயே சொல்ல வந்தேன். "எலக்ட்ரான் கடல்" என்ற படத்தைப் பிள்ளைகள் மனதில் பதித்துவிட்டுப் பிறகு செம்பின் நிறத்துக்கு அதை உடைப்பதைவிட, ஆரம்பத்திலேயே ஆற்றல் பட்டைகளைப் படம் வரைந்து சொல்லிவிடலாம். பதினொன்றாம் வகுப்புக்குப் புரியும்.

தாமிரன்
எனக்கு உடன்பாடில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அணுவின் கூடே இன்னும் சரியாகப் படியவில்லை. இயற்பியலாளர் டிரூடே 1900இல் கட்டில்லாத எலக்ட்ரான்களை வாயுவைப்போல் எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டார், அந்தப் படம் இன்றைக்கும் தடைக்கும் பளபளப்புக்கும் நன்றாகவே உதவுகிறது. செம்பின் நிறம் வந்தால் "இந்தப் படத்தில் இது அடங்காது" என்று சொல்லி நிறுத்தலாம்.

பழைய_கெமிஸ்ட்ரி
அடங்காததைச் சொல்லி நிறுத்தினால் பிள்ளைகள் கேட்பதை நிறுத்திவிடுவார்களா? உங்கள் மேஜையில் செம்பு இருக்கிறது, முதல் கேள்வியே நிறமாகத்தான் இருக்கும். அலுமினியக் கம்பியை வைத்துச் செய்யுங்கள் என்றால் ஒப்புக்கொள்கிறேன்.

ஒயர்மேன்_முத்து
அலுமினியக் கம்பியில கிளிப் மாட்டுறது தொல்லை ஐயா. சுரண்டின உடனே ஆக்சைடு பிடிச்சுரும், எண்ணு ஆடும். செம்பே இருக்கட்டும்.

மன்றப்பொறுப்பு_டீச்சர்
நிறத்தைப் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு தனியாகப் பேசலாமென்று நினைக்கிறேன். பட்டைகளா, கடலா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. பழைய_கெமிஸ்ட்ரி ஐயா, அந்தப் படத்தை வரைந்து இங்கே போட முடியுமா?

முத்து அண்ணா, 24 கேஜ் எவர்சில்வர் கம்பி இங்கே இரண்டு கடையில் இல்லை, 22தான் இருக்கிறது. செம்பு 24, எவர்சில்வர் 22 என்று வைத்தால் கெடுமா?

ஒயர்மேன்_முத்து
கெடாது, ஆனா 40 வராது. 22 கேஜ் 0.71 மி.மீ. விட்டம், பரப்பு 1.6 மடங்கு பெருசு. எவர்சில்வர்ல 400க்குப் பதிலா 260 சொச்சம் காட்டும். அதை 1.6ஆல பெருக்கிக்கணும். அதைவிடச் செம்பையும் 22லயே வாங்கிருங்க, காயில் கடையில எந்தக் கேஜும் இருக்கும். அப்ப செம்புல 6 மில்லிவோல்ட்தான் வரும், அதனால இடைவெளிய 30லிருந்து 45 செ.மீ. ஆக்கிக்குங்க. ரெண்டு கம்பியும் முக்கா மீட்டரா வாங்குங்க. எவர்சில்வர் கம்பி ஸ்பிரிங் மாதிரி எகிறும், முனைய மடக்கி வைக்காம பிள்ளைங்க கையில குடுத்துறாதீங்க.